கோவில் மின்னஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது: இடத்தை அடைப்பது எந்தக் கடிதங்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தோட்டத்துப் பிள்ளை · ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோவிலின் செயலாளராக இருக்கிறேன். கோவிலுக்கென்று ஒரு ஜிமெயில் முகவரி 2013-லிருந்து இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த செயலாளர் திறந்தது. மூன்று வருடமாக என் கையில்.

வெள்ளிக்கிழமை கணக்காய்வாளர் போன் செய்தார். கணக்கறிக்கையை அனுப்பினாராம், திரும்பி வந்துவிட்டதாம். அவருக்கு வந்த வரியைப் படம் பிடித்து புலனத்தில் போட்டார்:

```
452-4.2.2 The recipient's inbox is out of storage space.
```

பெட்டியைத் திறந்தால் மேலே சிவப்பாக, 15 ஜிபியில் 15 ஜிபி என்று காட்டுகிறது. சரி, பழையதை அழிப்போம் என்று நேற்றும் இன்றும் உட்கார்ந்து இன்பாக்ஸில் ஏறக்குறைய 3,000 கடிதங்களை அழித்தேன். கண் எரிகிறது. அந்த 15 அப்படியே நிற்கிறது, ஒரு புள்ளி கூட நகரவில்லை.

மூன்று வாரத்தில் ஆண்டுப் பொதுக்கூட்டம். கணக்கறிக்கை வந்தாக வேண்டும். என்ன தவறு செய்கிறேன்?

---

ரோஜா டீச்சர் · ஞாயிறு, இரவு 9.41

ஐயா, எனக்கும் போன வருடம் இதே கதைதான். விளம்பரக் கடிதங்கள்தான் காரணம். தேடும் இடத்தில் இதைப் போடுங்கள், வருவதையெல்லாம் அழித்துவிடுங்கள்:

```
category:promotions
```

எனக்கு அதிலேயே நிறைய குறைந்தது. அழிக்க மனமில்லாத பழைய கடிதங்களை ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். அவை இன்பாக்ஸை விட்டுப் போய்விடும், இடமும் கிடைக்கும்.

---

கம்பிவடம் · ஞாயிறு, இரவு 10.25

டீச்சர் சொன்னதில் பாதி சரி. ஆர்க்கைவ் செய்தால் ஒரு பைட் கூட மிஞ்சாது. இன்பாக்ஸ் என்பது ஜிமெயிலில் ஒரு லேபிள், அவ்வளவுதான். அந்த லேபிளை எடுத்துவிட்டால் கடிதம் கண்ணில் படாது, ஆனால் `All Mail`-இல் அப்படியே இருக்கும், கணக்கிலும் இருக்கும்.

விளம்பரங்களை அழிப்பது நல்லதுதான். ஆனால் அவற்றில் தெரியும் படங்கள் கடிதத்துக்குள் இல்லை, கடைக்காரர்களின் சர்வரிலிருந்து திறக்கும்போது வந்து சேர்பவை. அதனால் ஒரு விளம்பரம் நூறு கேபிக்குள்தான் இருக்கும். ஆயிரம் விளம்பரம் அழித்தாலும் நூறு எம்பிதான். ஒரு திருவிழா வீடியோவைச் சுமந்த நாலைந்து கடிதங்கள் அதைத் தாண்டிவிடும். எண்ணிக்கை பார்த்து அழித்தால் கண்தான் எரியும். எடை பார்த்து அழிக்க வேண்டும்.

பிள்ளை அண்ணே, உங்கள் 3,000 கடிதம் எங்கே போனது தெரியுமா? `Trash`-இல் இருக்கிறது. முப்பது நாள் அங்கேயே இருக்கும், அதுவரை கணக்கில் சேரும். அதனால்தான் எண் நகரவில்லை. ஸ்பாம் பெட்டியில் இருப்பதும் அப்படியே கணக்கில் சேரும்.

இப்போதே `Trash`-ஐக் காலி செய்துவிடாதீர்கள். இரண்டு நாள் தூக்கக் கண்ணோடு அழித்ததில் என்னென்ன போயிருக்கிறதோ. காலி செய்தபின் திரும்ப எடுக்க வழியில்லை. முதலில் இந்த முகவரியைத் திறந்து மூன்று எண்களைச் சொல்லுங்கள்:

```
one.google.com/storage
```

அந்த 15 ஜிபி ஜிமெயிலுக்கு மட்டும் உரியதில்லை. டிரைவ், போட்டோஸ் இரண்டும் அதே பானையில்தான் சாப்பிடுகின்றன.

---

ஐந்தாங்கட்டை · திங்கள், காலை 7.05

எனக்கும் இதே பிரச்சினைதான் தம்பி. என் கைப்பேசியில் இடம் இல்லை என்று காட்டியது. போட்டோஸில் `Free up space` என்று ஒன்று இருக்கிறதே, அதை அழுத்தினேன். ஆறு ஜிபி விடுபட்டது என்று வந்தது. ஆனாலும் எனக்கு மின்னஞ்சல் வரவில்லை. பிள்ளையும் அதையே செய்து பார்க்கலாமா?

---

தோட்டத்துப் பிள்ளை · திங்கள், மதியம் 1.30

தம்பி சொன்ன பக்கத்தைப் பார்த்தேன். ஜிமெயில் 12.0, போட்டோஸ் 2.2, டிரைவ் 0.8.

போட்டோஸில் ஏன் 2.2 என்றுதான் முதலில் புரியவில்லை. கோவில் கணக்கில் நாங்கள் படம் எதுவும் ஏற்றியதில்லை. திறந்து பார்த்தால் என் பேத்தியின் பிறந்தநாள், வீட்டு வாசலில் வெட்டிய வாழைத்தார் எல்லாம் இருக்கிறது. கோவில் முகவரியை என் கைப்பேசியில் போட்டதால் என் படங்கள் அங்கே போய் ஏறியிருக்கின்றன.

---

கம்பிவடம் · திங்கள், மாலை 6.15

ஐந்தாங்கட்டை ஐயா, நீங்கள் சொல்வது வேறு இடம். `Free up space` என்பது ஏற்கெனவே கூகிளுக்குப் போய்விட்ட படங்களைக் கைப்பேசியிலிருந்து எடுக்கிறது. கைப்பேசியில் இடம் கிடைக்கும். கூகிள் கணக்கில் எதுவும் குறையாது. உங்களுக்கு மின்னஞ்சல் வராததற்குக் காரணம் கணக்கு நிரம்பியதாக இருந்தால், அந்தப் பொத்தான் உதவாது. நீங்களும் மேலே கொடுத்த பக்கத்தில் எண்களைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு என்றால் புலனத்தின் பேக்கப்பும் இப்போது அந்த 15-க்குள்தான் வருகிறது, அதையும் பாருங்கள்.

பிள்ளை அண்ணே, போட்டோஸ் பக்கம் இப்போது போகாதீர்கள். போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை அழித்தால் கைப்பேசியில் உள்ள படமும் சேர்ந்து போகும். பேத்தியின் படங்களை வேறொரு இடத்தில் பத்திரப்படுத்தியபின் பார்த்துக்கொள்ளலாம். ஜிமெயில் 12 என்பதுதான் நம் ஆள்.

கணினியில் உட்கார்ந்து இதைத் தேடுங்கள், கைப்பேசி வேண்டாம்:

```
larger:8M
```

எட்டு எம்பிக்கு மேற்பட்ட கடிதங்கள் மட்டும் வரும். அப்புறம் இதை:

```
in:sent larger:8M
```

இது நீங்கள் அனுப்பியவை. எல்லோரும் இன்பாக்ஸையே துடைத்துக்கொண்டிருப்பார்கள். சங்கம், கோவில், பள்ளி மாதிரி ஒரு முகவரியிலிருந்து பலருக்குப் போகும் பெட்டிகளில் நான் பார்த்தவரை பாரம் அனுப்பிய பக்கத்தில்தான் இருக்கும். இரண்டிலும் எத்தனை வருகிறது என்று சொல்லுங்கள். மேலே `1–50 of many` என்று காட்டினால் கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பாருங்கள். ஒவ்வொன்றும் எத்தனை எம்பி என்று ஜிமெயில் பட்டியலில் காட்டாது, அளவு வாரியாக அடுக்கவும் முடியாது. அதனால் அந்த 8 என்ற எண்ணை 15, 20 என்று மாற்றி மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

எதையும் இன்னும் அழிக்க வேண்டாம்.

---

தோட்டத்துப் பிள்ளை · திங்கள், இரவு 11.20

தம்பி, அவசரப்பட்டுவிட்டேன். உடனே பதில் சொல்லுங்கள்.

எட்டு எம்பிக்கு மேற்பட்டவற்றில் பெரும்பகுதி நாங்கள் அனுப்பியவைதான். நீங்கள் சொன்னது போலவே அனுப்பிய பக்கம்தான்.

வந்ததில் ஒன்று 2019 திருவிழா வீடியோ. அது வேண்டாம் என்று டிக் போட்டு அழித்தேன். அழித்த பிறகுதான் பார்க்கிறேன், அந்த வரியில் பெயருக்குப் பக்கத்தில் 14 என்று இருந்தது. கோவில் நிலம் சம்பந்தமாக அலுவலகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் அதே இழையில் இருந்திருக்கிறது. யாரோ அந்தப் பழைய கடிதத்துக்கே பதில் போட்டு வீடியோவை இணைத்து அனுப்பியிருக்கிறார்கள். பதினான்கும் போய்விட்டது. கை நடுங்குகிறது.

---

கம்பிவடம் · திங்கள், இரவு 11.34

பயப்படாதீர்கள் அண்ணே. `Trash`-ஐக் காலி செய்யவில்லை அல்லவா? அங்கேதான் இருக்கும். சாதாரணத் தேடலில் வராது, இப்படித் தேடினால் வரும்:

```
in:trash larger:8M
```

அந்த இழையை டிக் செய்து, மேலே `Move to` என்ற குறியை அழுத்தி `Inbox` கொடுங்கள். பதினான்கும் ஒன்றாகவே திரும்பும்.

நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது இது. ஜிமெயில் ஒரே தலைப்பில் போய் வந்த கடிதங்களை ஒரு கட்டாகக் காட்டுகிறது. தேடலில் கட்டில் உள்ள ஒரு கடிதம் மட்டும் பொருந்தினாலும் கட்டு முழுதும் ஒரே வரியாக வரும். அந்த வரியை அழித்தால் கட்டு முழுதும் போகும். பெரிய கடிதங்களை அழிக்கும்போது இதை நிறுத்திவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும்.

பல் சக்கரக் குறி, `See all settings`, `General`, கொஞ்சம் கீழே `Conversation View`. அதில் `Conversation view off` தேர்ந்து, பக்கத்தின் அடியில் `Save Changes`. அதன்பின் ஒரு வரி என்றால் ஒரு கடிதம்.

---

தோட்டத்துப் பிள்ளை · திங்கள், இரவு 11.58

வந்துவிட்டது. பதினான்கும் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துவிட்டேன். நிலக் கடிதங்களுக்கெல்லாம் நட்சத்திரம் போட்டுவிட்டேன். கட்டாகக் காட்டுவதையும் நிறுத்திவிட்டேன். மிக்க நன்றி தம்பி. இனி நீங்கள் சொல்லாமல் கை வைக்க மாட்டேன்.

---

லயத்து வீடு · செவ்வாய், காலை 8.20

அண்ணே, இவ்வளவு சிரமம் எதற்கு? தண்டர்பேர்டு என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதைக் கணினியில் போட்டு கோவில் கணக்கைச் சேர்த்தால் `Size` என்று ஒரு பத்தியைக் காட்ட வைக்கலாம். அதன் தலையை அழுத்தினால் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக நிற்கும். தேடல் எண்ணை மாற்றி மாற்றிப் போட வேண்டாம். இன்னொன்று, அதில் கடிதத்தை வைத்துக்கொண்டு இணைப்பை மட்டும் அழிக்கலாம். ஜிமெயில் பக்கத்தில் அது முடியாது. எனக்கு அதுதான் சிறந்த வழியாகப் படுகிறது.

---

கம்பிவடம் · செவ்வாய், காலை 10.45

வரிசையாகப் பார்ப்பதற்கு நல்ல வழி, ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கவனம். கணக்கைச் சேர்த்ததும் கடிதங்களின் நகலைக் கணினியில் வைத்துக்கொள்ளும் வசதி தானாகவே இயங்கும். அதை நிறுத்தாவிட்டால் 12 ஜிபியையும் இறக்க ஆரம்பிக்கும். மழை பெய்யும் மாலையில் தோட்டப் பக்கத்து இணைப்பில் அது விடியும்வரை ஓடும்.

இணைப்பை மட்டும் அழிப்பதில்தான் எனக்குத் தயக்கம். தண்டர்பேர்டு பழைய கடிதத்தை அழித்துவிட்டு, இணைப்பில்லாத புதிய நகலை ஏற்றும். ஆனால் ஐமேப் வழியாக ஒன்றை அழித்தால் ஜிமெயில் அதை ஆர்க்கைவில் போடுவதுதான் வழக்கமான அமைப்பு. அப்போது பழைய பெரிய கடிதம் `All Mail`-இல் கிடக்கும், புதிய சின்னதும் கூடச் சேரும். இடம் குறையாது, கூடும். முதலில் ஒரே ஒரு கடிதத்தில் செய்து, அதே தலைப்பைத் தேடி எத்தனை வருகிறது என்று பாருங்கள்.

---

தோட்டத்துப் பிள்ளை · செவ்வாய், இரவு 9.50

கட்டாகக் காட்டுவதை நிறுத்தியபின் இன்று எண்ணினேன். எட்டு எம்பிக்கு மேல் மொத்தம் 431. அதில் அனுப்பியது மட்டும் எட்டுப் பக்கம், கடைசிப் பக்கத்தில் 36, அதாவது 386. அந்த 386-ஐயும் பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கோவில் பில்களை நான் ஸ்கேன் செய்வேன். பூக்கடை, ஐஸ், எண்ணெய், மின்சாரம், குருக்கள் சம்பள ரசீது என்று முப்பது நாற்பது தாள் இருக்கும். எல்லாம் ஒரே பிடிஎஃப் கோப்பு. போன மாதத்தை இறக்கிப் பார்த்தேன், 13.5 எம்பி. அதை நிர்வாகக் குழுவில் ஒன்பது பேருக்கும் அனுப்புவேன். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் போட்டு மரியாதையாக எழுத வேண்டும் என்று, முதலில் பொருளாளருக்கு அனுப்பி, அதையே எட்டு தடவை ஃபார்வர்டு செய்து ஒரு வரி எழுதி அனுப்புவேன். தலைப்பு எப்போதும் "மாதக் கணக்கு".

அதாவது ஒரே கோப்பு, மாதம் ஒன்பது தடவை. மூன்று வருடம்.

இதில் ஒன்று கேட்க வேண்டும். பில்களை நான் தூக்கிப் போட முடியாது, கணக்காய்வுக்கு ஒரு பிரதியாவது வேண்டும். எல்லாவற்றையும் டிரைவில் சேமித்துவிட்டுக் கடிதங்களை அழித்தால் சரியா?

---

கம்பிவடம் · செவ்வாய், இரவு 10.40

அண்ணே, கோவில் கணக்கின் டிரைவில் போட்டால் அதே 15 ஜிபிதான். இடது கையில் இருப்பதை வலது கைக்கு மாற்றுவது போல. கூகிள் டேக்அவுட்டில் மொத்தமாக இறக்கப் பார்ப்பவர்களும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அந்தக் கட்டு டிரைவில் வந்து சேரட்டும் என்று தேர்ந்தால், நிரம்பிய கணக்கிலேயே இன்னொரு பெரிய கோப்பு வந்து உட்காரும். கணினிக்கு நேராக இறக்குங்கள்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். மின்னஞ்சலில் இணைப்பு கோப்பாகவே போவதில்லை, எழுத்தாக மாற்றப்பட்டுப் போகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. உங்கள் 13.5 எம்பி பிடிஎஃப் கடிதத்துக்குள் ஏறினால் சுமார் 18 எம்பி. ஒன்பது தடவை என்றால் மாதத்துக்கு 162 எம்பி, 36 மாதத்துக்கு 5.8 ஜிபி. உங்கள் பெட்டியில் ஏறக்குறைய பாதி இது ஒன்றுதான்.

ஒரே கடிதத்தில் ஒன்பது முகவரியையும் போட்டிருந்தால் உங்கள் பெட்டியில் ஒரு நகல்தான் இருந்திருக்கும். வாங்கியவர் பதில் போட்டால் இணைப்பு கூடப் போகாது, ஆனால் ஃபார்வர்டு செய்தால் ஒவ்வொரு தடவையும் கூடவே போகும். உங்கள் பெட்டியை நிரப்பியது அந்த எட்டு ஃபார்வர்டுதான்.

நல்லவேளையாக உங்கள் பழக்கம் ஒழுங்கானது. எல்லா மாதமும் பொருளாளருக்கு ஒன்று போயிருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எட்டையும் எடுத்துவிடலாம். முதலில் வைத்துக்கொள்ளப் போவதை எண்ணுங்கள். கீழே உள்ள முகவரிக்குப் பதில் பொருளாளரின் முகவரியைப் போடுங்கள்:

```
in:sent larger:8M subject:"மாதக் கணக்கு" to:porulalar@example.com
```

36 வர வேண்டும். வந்தால் அழிக்க வேண்டியதை இப்படித் தேடலாம், `to` முன்னால் ஒரு கழித்தல் குறி:

```
in:sent larger:8M subject:"மாதக் கணக்கு" -to:porulalar@example.com
```

36 வராவிட்டால் நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

---

கிராணி மகன் · புதன், காலை 9.15

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீஸில் குமாஸ்தா. எங்களுடையது ஜிமெயில் இல்லை, கம்பெனியின் சொந்த முகவரி. ஒரு ஜிபிதான் கொடுத்திருக்கிறார்கள். என் அவுட்லுக்கில் பார்த்தால் இருநூறு கடிதம்கூட இல்லை, மற்றதெல்லாம் அழித்தாயிற்று. இருந்தும் மாதத்துக்கு ஒரு தடவை நிரம்பிவிட்டது என்று அனுப்புபவர்களுக்குத் திரும்பிப் போகிறது. `larger:` என்று போட்டால் அவுட்லுக்கில் ஒன்றும் வரவில்லை. இதற்கு என்ன செய்வது?

---

கம்பிவடம் · புதன், மதியம் 12.50

தம்பி, அந்தத் தேடல் வார்த்தைகள் ஜிமெயிலுக்கு உரியவை. உங்களுடையது வேறு நோய் என்று நினைக்கிறேன். அவுட்லுக்கில் கணக்கு `POP` என்று சேர்க்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் நீங்கள் பார்ப்பது கணினிக்கு இறங்கிய நகல். சர்வரில் ஒரு பிரதியை விட்டுவைக்கும்படி அமைப்பில் டிக் இருந்தால், நீங்கள் இங்கே அழிப்பது அங்கே தெரியாமல் போகலாம். உலாவியில் கம்பெனி வெப்மெயிலைத் திறந்து பாருங்கள். ஆயிரக்கணக்கில் பழைய கடிதம் கிடந்தால் நான் சொன்னதுதான்.

அந்த டிக் பக்கத்திலேயே இத்தனை நாளுக்குப் பின் சர்வரிலிருந்து எடு என்று ஓர் அமைப்பும் இருக்கும். ஆனால் கணினியில் உள்ள நகல் ஒன்றுதான் மிஞ்சும் என்பதால், ஆபீஸில் கேட்காமல் மாற்றாதீர்கள்.

---

தோட்டத்துப் பிள்ளை · புதன், இரவு 10.05

36 வரவில்லை தம்பி. 35 வந்தது. நல்ல காலம் எண்ணச் சொன்னீர்கள்.

ஒவ்வொரு மாதமாகத் தாளில் எழுதிப் பார்த்தேன். ஒரு மார்ச் மாதம் விட்டுப்போயிருக்கிறது. அப்போது பொருளாளர் அறுவை சிகிச்சைக்காக ஈப்போவில் மருத்துவமனையில் இருந்தார். அவருக்கு அனுப்பாமல் மற்ற எட்டுப் பேருக்கும் மட்டும் அனுப்பியிருக்கிறேன். இப்படியே அழித்திருந்தால் அந்த மாதத்துப் பில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

---

கம்பிவடம் · புதன், இரவு 10.20

அந்த மார்ச் எட்டில் ஒன்றைத் திறந்து, இணைப்பு சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு நட்சத்திரம் போடுங்கள். அப்புறம் தேடல் இப்படி:

```
in:sent larger:8M subject:"மாதக் கணக்கு" -to:porulalar@example.com -is:starred
```

கணக்கு இப்படி வரும்: 35 மாதத்துக்கு எட்டு எட்டாக 280, மார்ச்சில் நட்சத்திரம் போட்டது போக 7. ஆக 287. ஐந்து முழுப் பக்கம், ஆறாவதில் 37. அதே எண் வந்தால் அழிக்கலாம். மொத்தமாகத் தேர்ந்தெடுக்காமல் பக்கம் பக்கமாக அழியுங்கள்.

அழித்தபின் `Trash`-இல் ஒரு கண்ணோட்டம், அதற்குப்பின் `Empty Trash now`. எண் உடனே குறையாவிட்டால் பதறாதீர்கள், ஒரு நாள் பொறுங்கள்.

---

தோட்டத்துப் பிள்ளை · வியாழன், இரவு 8.30

287 சரியாக வந்தது. பக்கம் பக்கமாக அழித்தேன். `Trash`-ஐப் பார்த்ததில் நான் முதலில் அழித்த 3,000-லும் உபயகாரர்கள் எழுதிய பதினோரு கடிதம் இருந்தது, அவற்றைத் திருப்பி எடுத்தேன். பிறகு காலி செய்தேன்.

இன்று மாலை பார்த்தால் ஜிமெயில் 6.7. மொத்தம் 9.7. இரண்டு இரவு கண் எரிய அழித்த 3,000 கடிதத்தில் 0.3 ஜிபிதான் போயிருக்கும் போல. இந்த 287-இல் ஐந்து ஜிபி.

கணக்காய்வாளரை மறுபடி அனுப்பச் சொன்னேன், பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. திரும்பிப் போன மற்றக் கடிதங்களும் தானாக வந்து சேருமா?

---

கம்பிவடம் · வியாழன், இரவு 9.00

அந்த `452` என்பது தற்காலிக மறுப்பு. அனுப்பியவரின் சர்வர் சில நாள் விட்டுவிட்டு முயன்று பார்க்கும். இன்னும் முயன்றுகொண்டிருப்பவை வந்துவிடும். அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விட்டது என்றால் வராது, அவர் மறுபடி அனுப்பினால்தான் உண்டு. அச்சகம், பந்தல்காரர், கூட்டத்துக்காக யார் யாரிடம் கடிதம் எதிர்பார்த்தீர்களோ அவர்களையெல்லாம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

---

லயத்து வீடு · வெள்ளி, காலை 7.40

தண்டர்பேர்டில் ஒரு கடிதத்தில் இணைப்பை மட்டும் அழித்துப் பார்த்தேன். கம்பிவடம் அண்ணன் சொன்னது போலவே ஜிமெயிலில் தேடினால் இரண்டாக நிற்கிறது, ஒன்று இணைப்போடு, ஒன்று இல்லாமல். ஜிமெயில் அமைப்பில் ஐமேப் பக்கம் போய், அழித்தது `Trash`-க்குப் போகும்படி மாற்றினேன். இரண்டாவது கடிதத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. மூன்றாவதில் மறுபடியும் இரண்டு. ஏன் என்று தெரியவில்லை. என் வழியை இன்னும் விடவில்லை, ஆனால் கோவில் பெட்டியில் செய்ய வேண்டாம் பிள்ளை அண்ணே.

---

ரோஜா டீச்சர் · வெள்ளி, மாலை 5.10

ஆர்க்கைவ் பற்றி நான் தவறாகத்தான் நினைத்திருந்தேன், திருத்தியதற்கு நன்றி. என் பெட்டியில் `in:sent larger:8M` போட்டால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கோப்புகள் வரிசையாக வருகின்றன. ஆனால் ஒரு சந்தேகம். நாற்பது தாள் பில் ஏன் 13.5 எம்பி வர வேண்டும்? எங்கள் பள்ளியில் நாற்பது பக்கம் ஸ்கேன் செய்தால் நாலு எம்பிகூட வருவதில்லை.

---

கம்பிவடம் · வெள்ளி, இரவு 9.35

நல்ல கேள்வி டீச்சர். ஸ்கேனர் எந்த அமைப்பில் இருக்கிறது என்பதுதான். 600 டிபிஐ வண்ணத்தில் ஒரு ஏ4 தாள் சுருக்குவதற்கு முன் நூறு எம்பிக்கு மேல். 200 டிபிஐ சாம்பல் நிறத்தில் நாலு எம்பிக்குக் கீழே. நீளத்தில் மூன்று மடங்கு, அகலத்தில் மூன்று மடங்கு, வண்ணத்துக்கு மூன்று மடங்கு, ஆக 27 மடங்கு. சுருக்கியபின் வித்தியாசம் அவ்வளவு இருக்காது, ஆனாலும் பெரிதுதான். பிள்ளை அண்ணே, உங்கள் ஸ்கேனரில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

---

தோட்டத்துப் பிள்ளை · சனி, மதியம் 2.15

பார்த்தேன் தம்பி, 300 வண்ணம் என்று இருந்தது. போன மாதத்து முப்பத்தெட்டுத் தாளையும் 200 சாம்பல் நிறத்தில் மறுபடி ஸ்கேன் செய்தேன். 4.1 எம்பி. பூக்கடை ரசீது மட்டும் இளஞ்சிவப்புத் தாளில் பென்சிலால் எழுதியது, அதில் தொகை மங்கலாக வருகிறது. அந்தத் தாள்களை மட்டும் 300-இல் வைத்துக்கொள்கிறேன்.

இந்த மாதம் ஒரே கடிதம், ஒன்பது முகவரி. அன்புள்ள நிர்வாகக் குழுவினர் என்று தொடங்கியிருக்கிறேன். பெயர் போடாததில் பெரியவர்கள் இரண்டு பேருக்கு வருத்தம் இருக்கும், அவர்களுக்குப் போன் செய்து சொல்லிவிடுவேன்.

போட்டோஸில் உள்ள பேத்தியின் படங்களை மகன் அடுத்த வாரம் வரும்போது வெளி வன்தட்டில் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை கோவில் கணக்கில் போட்டோஸ் பேக்கப்பை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

---

கிராணி மகன் · சனி, மாலை 4.50

வெப்மெயிலைத் திறந்தேன். 2021-லிருந்து 7,400 கடிதம் கிடக்கிறது. திங்கட்கிழமை ஆபீஸில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.